ராயபுரத்து வெயிலுக்கு எந்தச் சட்டை: காட்டனா, டெரிகாட்டனா, ரேயானா?

ராயபுரத்தில் ஒரு இரும்புச் சாமான் கடையில் காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை நின்று பார்க்கிற வேலை எனக்கு. போன மே மாதம் எம்.சி. ரோட்டில் மூன்று துணியில் சட்டை வாங்கி, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

நம்ம பக்கம் வியர்வை கொட்டுவதைவிட, கொட்டியது காயாததுதான் பெரிய தொல்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவது மெதுவாகிறது, உடம்பும் குளிராது. அதனால் துணி வியர்வையை உறிஞ்சினால் மட்டும் போதாது, காற்றையும் உள்ளே விட வேண்டும்.

டெரிகாட்டன் இங்கேதான் தோற்கிறது. யூனிஃபார்ம் துணியில் பெரும்பாலும் 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு பருத்தி. இரவு துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும், கசங்காது. ஆனால் பாலியெஸ்டர் ஈரத்தை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை, நெசவும் நெருக்கம். மதியம் கடல் காற்று வீசியும் முதுகில் ஏறவில்லை. உடம்பு எண்ணெய் அந்த இழையில் ஒட்டிக்கொள்வதால், துவைத்த பிறகும் அக்குளில் வாடை தங்கியது.

ரேயான் போட்டதும் சில்லென்று இருந்தது. ஆனால் நனைந்தால் அதன் இழை பலம் இழக்கும். மூட்டை தூக்குகிற கை என்பதால் அக்குள் தையல் ஓரத்தில் இரண்டே மாதத்தில் கிழிந்தது. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அது சரி.

காட்டனிலும் எல்லாம் ஒன்றல்ல. முதலில் வாங்கிய தடித்த காட்டன் 11 மணிக்கே ஊறி, ஈரத்துண்டு மாதிரி கனத்தது. அடுத்து எடுத்தது மெல்லிய, தளர்ந்த நெசவு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே ஒளி தெரியும். அதுவும் நனையத்தான் செய்தது, ஆனால் ஃபேன் காற்றில் சீக்கிரம் காய்ந்தது. மார்பளவைவிட ஐந்து அங்குலம் தளர்வாகத் தைக்கச் சொன்னேன். உடம்பை ஒட்டித் தைத்தால் நல்ல துணியும் வீண். என் ஓட்டு இதற்குத்தான்.

கடையில் 'சுத்த காட்டன்' என்றால் அப்படியே நம்ப வேண்டாம். ஓரத்து நூல் ஒன்றை உருவி, வெளியே வந்து பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான கருப்பு மணியாகும். ரேயானும் பருத்தி போலவே எரியும் என்பதால், அந்த இரண்டையும் இதில் பிரிக்க முடியாது.

வெல்டிங் பட்டறையில் நிற்பவர்களுக்கு மட்டும் என் தீர்ப்பு பொருந்தாது. பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும், மெல்லிய காட்டன் சட்டென்று ஓட்டையாகும். தண்டையார்பேட்டைப் பட்டறையில் இருக்கும் என் மச்சானுக்கு, எவ்வளவு புழுங்கினாலும் அந்தத் தடித்த காட்டன்தான்.