அப்பாவின் ட்ரில் மெஷினைப் பிழைக்க வைத்தவர்

இந்த முறை ஊர்ப் பயணத்தில் எழுதும்படியாக இருந்தது அப்பாவின் பழைய ட்ரில் மெஷின் விவகாரம்தான். சுவரில் வைத்து அழுத்தினால் துளை போடும் பிட் நின்றுவிடும். சில நேரம் மோட்டாரே முனகும், காற்றுத் துளை வழியே பொறி தெரியும்.

முதலில் போன சர்வீஸ் சென்டரில் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், "மோட்டார் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். இதைக் கேட்க விமானம் ஏறி வர வேண்டுமா? நான் இருக்கும் நாட்டிலும் இதையேதான் சொல்வார்கள், கூடவே ஒரு படிவமும் தருவார்கள்.

அப்புறம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "தம்பி, பிட் நிக்கும்போது சக் சுத்துதா?" பிட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சக் சுற்றிக்கொண்டே பிட் நின்றால் பிடிமானத்தில் கோளாறு. சக்கும் சேர்ந்து நின்றால் மோட்டாரைப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் இரண்டும் இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிட்டைக் கழற்றிக் காட்டினார். தண்டைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல், வழுக்கியதற்கு அடையாளம். சக்கின் தாடைகளை முழுதாக விரித்துத் தூசியைத் தட்டினார். பிட்டை மூன்று தாடைகளுக்கும் நடுவில் நிறுத்தி, சக் சாவியை ஓர் ஓட்டையில் இறுக்கி, மற்ற இரண்டிலும் போட்டு மறுபடி இறுக்கினார். அப்பா எப்போதும் ஒரே ஓட்டையோடு விட்டுவிடுவார்.

பிறகு இரண்டு பக்கமும் இருந்த மூடிகளைத் திருகி, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்களை எடுத்தார். ஒன்று தேய்ந்து கட்டைப் பல் அளவுக்கு வந்திருந்தது. மற்றது நீளமாகத்தான் இருந்தது, ஆனால் கரித்தூசியில் கூட்டுக்குள் சிக்கியிருந்ததால் ஸ்பிரிங்கால் தள்ள முடியவில்லை. மோட்டாருக்குள் சுழலும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் பிரஷ் சரியாகப் படியாவிட்டால் மின்சாரம் விட்டு விட்டுப் போகும், பொறி பறக்கும், மோட்டாருக்கு வலு குறையும். கூட்டைத் துடைத்து, அகலமும் தடிமனும் பொருந்தும் ஜோடியாகத் தேடி, இரண்டையும் மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாதாம். சில நிமிடம் சும்மா ஓடவிட்டதும் பொறி அடங்கியது. "பொறி கம்யூட்டேட்டரைச் சுத்தி வளையமா ஓடினா உள்ள சுத்துற கம்பிச்சுருள், அதான் ஆர்மேச்சர், போயிருக்கும், அது வேற கதை" என்றார்.

நான் வாழும் ஊரில் இந்தப் பிரஷ் ஜோடிக்கு இணையத்தில் ஆர்டர் போட்டு, மாடல் எண் பொருந்துமா என்று தவம் கிடக்க வேண்டும்.

கடைசியாகப் பிட்டைப் பார்த்துச் சிரித்தார். நுனி கருகிக் கிடந்தது. இரும்பு துளைக்கும் பிட்டைச் சுவரில் ஓட்டியிருக்கிறார் அப்பா. மோட்டார் முனகியதில் அதற்கும் பங்குண்டு. சுவருக்குக் கார்பைடு நுனி வைத்த பிட் வேண்டும், அதோடு சுவிட்சைச் சுத்தியல் முறையில் வைக்க வேண்டும்.

வயர் மாற்ற மட்டும் நாளைக்கு வா என்றார். 'நாளைக்கு' என்றால் எப்போது என்று உங்களுக்குத் தெரியும்.