பத்திரம் மொழிபெயர்க்க யாரை வைப்பது? நேர்காணலில் கடைசி வரை நின்ற இருவர்

மேலூர்ப் பக்கத்து நில வழக்குகள்தான் எங்கள் வக்கீல் ஆபீஸில் அதிகம். கீழ்க் கோர்ட்டில் எல்லாம் தமிழில் ஓடிவிடும். மேல்முறையீடு என்று ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளைக்குப் போனால் பழைய கிரயப் பத்திரம், சாட்சி வாக்குமூலம் எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டும். டெல்லி வரை போனால் இன்னும் கறார்: உச்ச நீதிமன்றத்தின் 2013 விதிகள்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட் ஏற்ற மொழிபெயர்ப்பாளர் கைபட வேண்டும். அதாவது நாம் கொடுப்பதை எதிர்த் தரப்பு வக்கீல் வரி வரியாகப் பார்ப்பார்.

இதுவரை வெளியே கொடுத்து வாங்கிய வேலைக்கு ஆபீஸிலேயே ஒருவரை வைக்கலாம் என்று சீனியர் முடிவெடுத்தார். நேர்காணல் பொறுப்பு எனக்கு. கடைசியில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற பெரியவர். இன்னொருவர் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து இரண்டு மூன்று இடங்களுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துக் கொடுக்கும் தம்பி. நான் பெரியவர் பக்கம் சாய்ந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகம், ஆங்கில நடை இரண்டிலும் தம்பிதான். அதில் பேச ஒன்றுமில்லை. பெரியவரின் ஆங்கிலம் பழைய அரசாணை மாதிரி இருக்கும், ஆனால் புரியும். தம்பிக்குத் தட்டச்சு வரும், பெரியவருக்குக் கையெழுத்துதான். பக்கக் கூலி இருவரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் கேட்டார்கள்.

மாதிரிக்கு இரண்டு தாள் கொடுத்தேன். ஒன்று 1950களில் கையால் எழுதிய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கம், இன்னொன்று குறுக்கு விசாரணையில் அரைப் பக்கம். இரண்டுமே கட்சிக்காரர் காகிதம். அதனால் ஆள் பெயர், ஊர், சர்வே நம்பர் மேலெல்லாம் காகிதத் துண்டு ஒட்டி ஜெராக்ஸ் எடுத்து, மேலே வேறு பெயர் எழுதினேன். ரகசியம் காப்பீர்களா என்று கேட்கப்போகிறவர் அசல் பெயரோடு தாளை நீட்டக் கூடாதே. வீட்டுக்கும் கொடுத்தனுப்பவில்லை. ஆபீஸிலேயே ஒன்றரை மணி நேரம், அகராதி பார்க்கலாம், போன் மட்டும் மேஜை டிராயரில். வீட்டுக்குப் போனால் யார் எழுதினார்கள் என்பதும் தெரியாது, தாள் எங்கெல்லாம் சுற்றியது என்பதும் தெரியாது.

முடிவைத் தீர்மானித்தது பத்திரப் பக்கம்தான். அதில் எல்லை இப்படி எழுதியிருந்தது: "பெரியாறு வாய்க்காலுக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, முத்தையா நிலத்துக்கு மேற்கு, கருப்பாயி நிலத்துக்குத் தெற்கு, இந்த நான்கு மாலுக்குட்பட்ட புஞ்சை." (பெயர்கள் நான் போட்டவை.) பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு இது சாதாரணம். வாய்க்காலுக்குக் கிழக்கே நிலம் இருக்கிறது என்றால் நிலத்தின் மேற்கு எல்லை வாய்க்கால். தம்பி அழகாகக் கட்டம் போட்டு, கிழக்கு: வாய்க்கால், வடக்கு: வண்டிப்பாதை, மேற்கு: முத்தையா நிலம், தெற்கு: கருப்பாயி நிலம் என்று நிரப்பியிருந்தார். நான்கும் தலைகீழ். பார்க்க என்னவோ அவர் தாள்தான் சுத்தமாக இருந்தது.

இந்தத் தப்பு வழக்கமான சரிபார்ப்பில் மாட்டாது. எங்கள் ஆபீஸ் வழக்கம், மூலத்தில் உள்ள ஒவ்வொரு எண், பெயர், திசை, தேதியையும் பென்சிலால் வட்டமிட்டு, மொழிபெயர்ப்பில் அது இருக்கிறதா என்று டிக் அடிப்பது. இங்கே கிழக்கும் இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது, டிக் விழுந்துவிடும். ஆங்கிலத்தை மூன்றாம் ஆளிடம் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கிப் பார்ப்பதும் ஒரு முறை. அவர் "கிழக்கே வாய்க்கால்" என்று எழுதுவார், மூலத்தில் "வாய்க்காலுக்குக் கிழக்கு". அவசரத்தில் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வெறும் தாளில் ஒரு சதுரம் போட்டு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். நடப்பு வழக்காக இருந்தால் அந்தச் சதுரத்தை சர்வேயின் புல வரைபடத்தோடு வைத்துப் பார்க்கலாம். வாய்க்கால் நம் விருப்பத்துக்கு இடம் மாறாது.

தம்பியிடம் சதுரம் போடச் சொன்னேன். போட்டார், தன் கட்டத்தின்படியே போட்டார். "வாய்க்கால்ல நின்னு நிலத்தைப் பாருங்க தம்பி, எந்தப் பக்கம்?" என்று கேட்டதும் சட்டென்று புரிந்துகொண்டு திருத்தினார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் இப்படிக் கேட்க ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது பரப்பு. "4 ஏக்கர் 11 செண்டில் பொதுவில் மூன்றில் ஒரு பங்கு" என்று இருந்து, அப்புறம் பங்கின் அளவு தமிழ் எண்ணில் ௧ ஏக்கர் ௩௰௭ செண்ட். ௰ என்பது பத்து, ஆகவே மூன்று பத்து ஏழு, 37. நாலு ஏக்கர் பதினொன்றை மூன்றால் வகுத்தாலும் 1 ஏக்கர் 37 செண்ட்தான் வரும். தம்பி ௰ஐப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 307 என்று படித்திருக்கிறார். நூறு செண்ட் ஓர் ஏக்கர், 307 வர வழியில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே நிறுத்தி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் நான் அவரைத்தான் எடுத்திருப்பேன். அவர் போட்டது 30.7. படிக்கிறவருக்கு எந்த உறுத்தலும் வராத எண்.

பெரியவர் தாளில் ஆறு ஏழு இடத்தில் பென்சில் குறிப்பு இருந்தது. "இங்கே மை பரவியிருக்கிறது, 3 அல்லது 5." "ஒட்டுத்தாள் மறைக்கிறது." "௸ என்றால் மேற்படி. மேற்படி யார் என்பது இந்தப் பக்கத்தில் தெரியவில்லை, முந்தின பக்கம் வேண்டும்." கடைசிக் குறிப்பு நான் கேட்காமலேயே வந்தது, எனக்குப் பிடித்ததும் அதுதான். 37க்குப் பக்கத்தில் மூன்றால் வகுத்த கணக்கையும் சின்னதாகப் போட்டு வைத்திருந்தார்.

இது ஏன் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது என்றால், மொழிபெயர்ப்புக்கு ஆகும் செலவு பக்கக் கூலியோடு முடிவதில்லை. சரிபார்ப்பவர் நேரம் அதற்கு மேல். சந்தேகத்தை எழுதி வைக்கிறவர் தாளில் நான் அந்த ஆறு ஏழு இடத்தை நிதானமாகப் பார்த்து, மற்றதைச் சாதாரண வேகத்தில் ஓட்டலாம். சந்தேகத்தை மறைத்து மெழுகுகிறவர் தாளில் எந்த வரியையும் நம்ப முடியாது, முழுப் பத்திரத்தையும் நானே மறுபடி படிக்க வேண்டும். அப்படியானால் நானே மொழிபெயர்த்துவிடலாமே. பத்திரம் நீளமாக ஆக இந்த வித்தியாசமும் கூடிக்கொண்டே போகும்.

பெரியவரும் சுத்தம் இல்லை. இரண்டு வரிகள் அடுத்தடுத்து ௸ என்று தொடங்கியதில் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். இதைப் பிடிக்க வழி எளிது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் மொழிபெயர்ப்பில் விரல் வைத்துக்கொண்டே போனால் வரி விடுபட்டது உடனே தெரிந்துவிடும். விடுபட்டதைக் கண்டுபிடிப்பது சுலபம், தப்பாக நிரப்பியதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாக்குமூலத்தில் கதை மாறியது. சாட்சி "எனக்குத் தெரியாது" என்று சொன்ன இரண்டு இடத்திலும் பெரியவர் "மறுக்கிறார்" என்கிற பொருளில் எழுதியிருந்தார். பத்திர அலுவலகப் பழக்கம், எதையும் சட்டத் தோரணையில் நிமிர்த்திவிடுவது. தெரியாது என்பவரையும் மறுப்பவரையும் ஹைகோர்ட் ஒரே மாதிரி பார்க்காது, எதிர்த் தரப்பு இதைச் சும்மா விடவும் விடாது. தம்பி சாட்சி பேசியதைப் பேசியபடியே, வாக்கியம் பாதியில் நின்ற இடத்தில் பாதியிலேயே நிறுத்தி எழுதியிருந்தார். வாக்குமூலம் மட்டும்தான் வேலை என்றால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

ரகசியம் பற்றி "காப்பாற்றுவீர்களா?" என்று நேராகக் கேட்டுப் பயனில்லை, யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இதுக்கு முன்னாடி செஞ்ச வேலை ஏதாவது இருந்தா காட்டுங்களேன்" என்று இருவரிடமும் கேட்டேன். தம்பி டிராயரிலிருந்து போனை வாங்கி ஒரு விவாகரத்து மனுவைத் திறந்தார், கணவன் மனைவி பெயர், முகவரி எல்லாம் அப்படியே. நான் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர், "அது அவங்க காகிதம் சார். வேணும்னா இன்னொரு தாள் கொடுங்க, எழுதிக் காட்டுறேன்" என்றார்.

ஆனால் அடுத்த கேள்வியில் பெரியவரும் சறுக்கினார். எழுதியதை எங்கே டைப் அடிக்கிறீர்கள் என்றதற்கு, கோர்ட் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டர் என்றார். அந்த மாதிரிக் கடைகளில் கம்ப்யூட்டர் முகப்பிலேயே ஊர்பட்ட ஃபைல் கிடக்கும். அடுத்து வருகிறவர் எதிர்த் தரப்பு குமாஸ்தாவாகவும் இருக்கலாம். பெரியவர் வாய் திறக்க மாட்டார், அவருடைய ஃபைல் திறந்து கிடக்கும். இதைத் திருத்த முடியும் என்பதால் அவரைத் தள்ளவில்லை. இப்போது அவர் கையால் எழுதுகிறார், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அடிக்கிறார்.

எதிர்த் தரப்புக்கு வேலை செய்திருக்கிறாரா என்பதையும் கேட்டாக வேண்டும், மதுரை கோர்ட் வட்டாரம் அவ்வளவு சின்னது. ஆனால் கேட்கும்போது பெயரையும் ஊரையும் மட்டும் சொல்ல வேண்டும், வழக்கு என்ன என்பதைச் சொல்லக் கூடாது. ஆமாம் என்றால் அந்தக் கட்டு அவரிடம் போகாது.

சட்டப் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற விதி மொழிபெயர்த்துச் சொல்பவருக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் சேர்த்தே இருக்கிறது. முன்பு சாட்சியச் சட்டத்தின் 126, 127 பிரிவுகள், 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132. வெளியே உட்கார்ந்து பத்திரம் மொழிபெயர்க்கிறவருக்கும் அது முழுசாகப் பொருந்துமா என்று வாதாட இடம் உண்டு. எனவே தனியாக எழுதி வாங்கினேன்: தாள் ஆபீஸை விட்டு வெளியே போகாது, போனில் படம் எடுக்கக் கூடாது, கைப்பிரதியும் வேலை முடிந்ததும் கட்டோடு சேர வேண்டும், விலகிப் போன பிறகும் இது பொருந்தும்.

நேரில் பேசப் பேச மொழிபெயர்க்கும் வேலைக்கு, அதாவது வடநாட்டுக் கட்சிக்காரரோடு ஆலோசனை மாதிரி இடங்களுக்கு, இந்த நேர்காணல் முறை போதாது என்றுதான் நினைக்கிறேன். அங்கே பென்சில் குறிப்புக்கு நேரம் ஏது. எங்களுக்கு அப்படி வேலை அபூர்வம், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். வாக்குமூலங்களுக்குத் தம்பியை அவ்வப்போது ஆபீஸுக்கே வரச்சொல்லிக் கொடுக்கிறோம், அதே உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போன் அதே டிராயரில்.