மாவு ஆலையில் மூன்று ஆண்டுகள் கியூசமுடன்

எங்கள் ஆலையில் ஒரு கிலோ மாவுப் பாக்கெட்டுகளை ஆகர் இயந்திரம் நிரப்புகிறது. மணிக்கு ஒரு முறை நான்கு பாக்கெட்டுகளை நிறுத்துச் சராசரியைக் குறிப்போம். இலக்கு 1006 கிராம், சராசரியின் திட்ட விலக்கம் 2 கிராம். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே எல்லையோடு ஒப்பிடும் வழக்கமான ஷூவார்ட் வரைபடத்தில் கீழ் எல்லை 1000. எடை இரண்டு கிராம் இறங்கி அங்கேயே நின்றால் அது நெடுநேரம் வாய் திறக்காது. ஒரு சிக்மா, அதாவது ஒரு திட்ட விலக்க அளவு நகர்வைப் பிடிக்க அதற்குச் சராசரியாக 44 புள்ளிகள் வேண்டும். சிறு விலகல்களைக் கூட்டிக்கொண்டே போகும் கியூசம் வரைபடத்துக்குப் பத்து போதும்.

கணக்கு எளிது. பிடிக்க விரும்பும் நகர்வில் பாதி, அதாவது 1 கிராம், தள்ளுபடி. 1005-க்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்; மேலே போனால் கழிக்க வேண்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்க வேண்டும். 10 கிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. (மேல் பக்கத்துக்கு இதேபோல் 1007-ஐ வைத்து இன்னொரு பத்தி.) எக்செலில் சராசரிகளை B3-இலிருந்து கீழே இட்டு, C2-இல் 0 இட்டுவிட்டு, C3-இல்:

```
=MAX(0, C2 + 1005 - B3)
```

ஒரு நாள் வந்த சராசரிகள்: 1004.5, 1006.5, 1003, 1002, 1005.5, 1003.5, 1002.5, 1003. ஒன்றுகூட 1000-ஐ நெருங்கவில்லை. கூட்டுத்தொகையோ 0.5, 0, 2, 5, 4.5, 6, 8.5, 10.5 என்று ஏறி எட்டாவது மணியில் எல்லையைத் தாண்டியது. எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகுதான். கடைசிப் பூஜ்யம் இரண்டாவது மணியில். ஆகவே கோளாறு அதை ஒட்டித் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்துப் பதிவேட்டைப் புரட்டி, இயந்திரத்தைத் திறந்தோம். தொட்டியின் மட்டம் காட்டும் உணரியில் மாவு அப்பியிருந்தது. தொட்டி நிறைந்திருப்பதாகவே அது காட்ட, மாவு மட்டம் தாழ்ந்தே நின்றதால் மேலிருந்து அழுத்தம் குறைந்து, ஆகர் ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்த மாவையே தள்ளியிருக்கிறது.

முதல் ஆறு மாதம் மட்டும் இந்த வரைபடம் உறங்கிக்கொண்டிருந்தது, பிழை என்னுடையது. இரண்டு மாத எடைகளை மொத்தமாகப் போட்டுத் திட்ட விலக்கம் எடுத்தேன். அந்த மாதங்களில் நடந்த நகர்வும் அதற்குள் புகுந்து மதிப்பை ஊதிவிட்டது. தள்ளுபடியும் எல்லையும் சிக்மாவின் மடங்குகள்தாமே, அவையும் ஊதின. பிறகு அடுத்தடுத்த சராசரிகளின் வித்தியாசங்களுக்குக் குறி பாராமல் சராசரி கண்டு, அதற்குரிய மாறிலியான 1.128-ஆல் வகுத்தேன்; அப்போதுதான் 2 கிராம் வந்தது.

திடீரென எடை பெரிதாகச் சரிந்தால் கியூசம் சற்று மெத்தனம்தான். அதனால் பழைய வரைபடத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இன்றும் எரிச்சலூட்டுவது ஒன்று: இயந்திரத்தைச் சரிசெய்த பின் கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்க இரவு ஷிப்டில் மறந்துவிடுகிறார்கள். சரியாக ஓடும் இயந்திரத்துக்கும் வீணாக எச்சரிக்கை மணி.