கடல் நடைக்குப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

பந்திங், மோரிப் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கடல் வற்றும்போது மணல்திட்டுக்கு நடந்து போகலாம், குடும்பத்தோடு வாருங்கள், ஒவ்வொரு சனிக்கிழமையும்" என்று வாட்சாப்பில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு 65 ரிங்கிட். நடத்துபவரின் பேரை நான் இங்கே போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் யார் நடத்தினாலும் கணக்கு இதுதான் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்களும் பணம் கட்டிக் குடும்பத்தோடு போனோம். அன்று காலை பத்தரைக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வேன் தாமதம், அப்புறம் இன்னொரு குடும்பத்துக்காகக் காத்திருந்தது, எல்லாம் சேர்ந்து சேற்றில் கால் வைக்கும்போது மணி பன்னிரண்டு. நேரம் போய்விட்டதே என்று என் அக்கா கேட்டதற்கு வழிகாட்டியாக வந்த ஆள், "பயப்படாதீங்கக்கா, பன்னெண்டு பத்துக்குத்தான் முழுசா வற்றும், அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் சேஃப்" என்றார். கைப்பேசியில் அட்டவணையையும் காட்டினார். அட்டவணை பொய்யில்லை: வற்று 12:10, உயரம் 0.7 மீட்டர், ஏற்றம் மாலை 6:15, உயரம் 5.1 மீட்டர். அவர் பார்த்தது நேரத்தை மட்டும்தான். உயரத்தைப் பார்க்கவே இல்லை.

போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடைப் பள்ளம், அன்று அதில் கணுக்காலுக்குக்கூடத் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் நண்டு துரத்திக்கொண்டே தாண்டினார்கள். திட்டில் நின்றபோதும் சுற்றிலும் சேறும் மணலும்தான், கடல் எங்கோ கோடாகத் தெரிந்தது. ஒன்றரை மணிக்குத் திரும்பத் தொடங்கினோம். அவர் கணக்குப்படி 2:10 வரை நேரம் இருந்தது, அதனால் அவர் அவசரப்படுத்தவும் இல்லை, பின்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிடவும் இல்லை. 2:20க்குப் பள்ளத்துக்கு வந்தால் தண்ணீர் என் தொடை வரை, பக்கவாட்டில் இழுக்கிறது. கடைசி ஆள் கரையேறும்போது மணி 2:40, அக்காவுக்கு இடுப்புக்கு மேல். சின்னவனை நான் தோளில் தூக்கிக்கொண்டேன். அடியில் சேறு, ஒரு காலை உருவினால் மறு கால் புதைகிறது. வழிகாட்டி எங்களுக்கு முன்னாலேயே கரையேறி நின்றிருந்தார், அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

நிலம் கரையிலிருந்து கடல் வரை ஒரே சரிவாக இறங்குவதில்லை. திட்டு மேடு, கரையோரப் பள்ளம் தாழ்வு. தண்ணீர் ஏறும்போது முதலில் பள்ளத்தில்தான் நிறையும், அதாவது நீங்கள் காய்ந்த மணலில் நிற்கும்போதே முதுகுக்குப் பின்னால் வழி அடைபட்டிருக்கும். அதனால் பாதை எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பது வற்று நேரம் இல்லை, பாதையிலேயே தாழ்வான அந்த ஓரிடம்.

அதன் உயரம் எங்களுக்குத் தெரிய வந்தது மச்சானால். கைக்குழந்தையோடு கரையில் மரத்தடியில் இருந்தவர், பள்ளத்தில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்று சேருவதைப் பார்த்து ஒரு படம் எடுத்திருக்கிறார். படத்தில் நேரம் 1:45. எங்களுக்குப் போன் செய்தும் பார்த்திருக்கிறார், திட்டில் லைன் கிடைக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் வாட்டர்கேட் பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். கடலோரத் தோட்டங்களில் பண்டு கட்டி, கடல் வற்றும்போது கதவைத் திறந்து கால்வாய்த் தண்ணீரை வெளியே விடுவார்கள், ஏறும்போது மூடுவார்கள். அந்த வேலை பார்த்தவருக்கு இது தினப்படிக் கணக்கு. படத்தையும் அட்டவணையையும் காட்டினேன். ஒரு தாளில் போட்டுக் காட்டினார்.

வற்றிலிருந்து ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். அன்று மொத்தம் 4.4 மீட்டர், ஒரு பங்கு சுமார் 37 சென்டிமீட்டர். முதல் மணியில் 0.7 போய் 1.07. இரண்டாவது மணி முடியும்போது 1.8. மூன்றாவது மணியில் மட்டும் 1.1 மீட்டர் ஏறும். மச்சான் படம் எடுத்த 1:45க்கு உயரம் ஏறக்குறைய 1.5. ஆக, அட்டவணைக் கணக்கில் பள்ளத்தின் உயரம் 1.5 மீட்டர். அதற்கு மேல் கடல் ஏறினால் பாதை இல்லை. அன்று பாதை திறந்திருந்தது சுமார் 10:35 முதல் 1:45 வரை மட்டுமே. "ரெண்டு மணி நேரம் சேஃப்" என்ற பேச்சு எந்த அட்டவணையிலும் இல்லை.

ஒரு தடவை இப்படி உயரம் தெரிந்துவிட்டால், பள்ளம் இடம் மாறாதவரை, எந்த நாளுக்கும் போட்டுப் பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஒன்றிரண்டு நாள் கழித்து, கடல் நன்றாக வற்றும், நன்றாகவும் ஏறும். அதற்கு ஒரு வாரம் தள்ளிப் பாருங்கள், வற்று உயரமே இரண்டு மீட்டருக்கு மேல் நிற்கும் நாள் உண்டு. அன்று 1.5 மீட்டர் பள்ளம் வெளியே வரவே வராது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நடை என்று விற்பவருக்கு இது தெரியாதா, அல்லது தெரிந்தேதான் விற்கிறாரா?

அட்டவணை எந்தத் துறைமுகத்துக்கு என்றும் பாருங்கள். இந்தப் பக்கத்துக்குப் பெலாபுவான் கிள்ளான்தான் கிட்டத்தில் உள்ளது; போர்ட்டிக்சனில் ஏற்ற இறக்கம் அதில் பாதி அளவுதான், அந்த உயரங்களை இங்கே வைத்தால் தப்பாகிவிடும். இன்னொன்று, தரைப்படத்தில் போட்ட உயரத்தை அட்டவணையோடு நேராக ஒப்பிடாதீர்கள். நில அளவைத் துறையான ஜூப்பெம்மின் தரைப்படப் பூஜ்ஜியம் சராசரிக் கடல் மட்டம், அது கிள்ளான் அளவுகோலின் பூஜ்ஜியத்திலிருந்து 3.624 மீட்டர் மேலே. அட்டவணையின் பூஜ்ஜியமோ கடல் மிகவும் வற்றும் மட்டத்தை ஒட்டியது.

வழிகாட்டியின் போனில் பாதைக்கு ஒரு கோடு இருந்தது, நேராகப் பள்ளத்தின் குறுக்கே. OpenStreetMap-இல் அப்படிக் கோட்டை யாரும் போடலாம். `tidal=yes` என்று இருந்தால் அது மூழ்கும் என்று மட்டும் அர்த்தம், எப்போது என்று சொல்லாது. கோடு போடப் பார்த்த செயற்கைக்கோள் படம் கடல் எந்த மட்டத்தில் இருந்தபோது எடுத்தது என்றும் அதில் தெரியாது, அதற்குள் பள்ளம் நகர்ந்திருக்கும். சிப்பி பொறுக்கும் மலாய்க்காரப் பெண்கள் கோட்டிலிருந்து நல்ல தூரம் வடக்கே, மேட்டில் நடந்துபோனதை நாங்களே பார்த்தோம்.

பணம் திருப்பிக் கேட்டதற்கு "எல்லாரும் பத்திரமாத்தானே வந்தீங்க" என்று பதில் வந்தது, அப்புறம் எண்ணை பிளாக் செய்துவிட்டார். வங்கி ரசீது, விளம்பரப் படம், மச்சானின் 1:45 படம் மூன்றையும் சேர்த்துப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடுகிறோம், கட்டணம் 5 ரிங்கிட். அன்று வந்த மற்ற இரண்டு குடும்பங்களும் இதைப் படித்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், அந்த ஆள் பேசியதைக் கேட்டவர்கள் வேண்டும்.