போடி ஏலக்காய்க்கு அமேசான் விளம்பரம்: ஆட்டோவா, மேனுவலா?

போடியிலிருந்து 8 எம்எம் ஏலக்காயை 100 கிராம் பாக்கெட்டாக அமேசானில் புதிதாக ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பான்சர்ட் விளம்பரத்தில் இரண்டு வழி உண்டு. ஆட்டோவில், நம் தலைப்பையும் விவரத்தையும் பார்த்து அமேசானே தேடல் சொற்களைப் பிடிக்கும். மேனுவலில் சொற்களை நாமே கொடுக்கிறோம்.

எதுவானாலும் முதலில் கணக்கு. விலை 400 ரூபாய். சரக்கு, பாக்கெட், கமிஷன், கூரியர் போகக் கையில் 80 நிற்கிறது. இருபது கிளிக்குக்கு ஒருவர் வாங்கினால் ஒரு கிளிக்குக்கு 4 ரூபாய்தான் தாங்கும். பத்துக்கு ஒருவர் என்றால் 8. ரிவ்யூவே இல்லாத புதுப் பொருளுக்கு 4 என்றே தொடங்குவது நல்லது. ஒரு கிளிக்குக்கு நாம் கொடுக்கத் தயாரான தொகைதான் பிட். அதை `Dynamic bids - down only` என்று வைத்தால் அமேசான் அதற்கு மேல் ஏற்றாது.

மேனுவலில் வெறும் `elaichi` என்று போட ஆசை வரும். சொல்லைத் தளர்வாகப் பொருத்தும் பிராட் மேட்ச்சில் அது `elaichi powder`, `elaichi tea` என்று தேடுபவர்களிடமும் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். அவர்கள் கிளிக் செய்தாலும் காசு நம்முடையது. `green cardamom 8mm` போன்ற சொல்லை, அதையே தேடுபவர்களுக்குக் காட்டும் எக்ஸாக்ட்டில் போட்டால் தேடுபவர்கள் குறைவு, ஆனால் வாங்க வந்தவர்கள். சிக்கல் என்னவென்றால், வட இந்தியாவில் ஒருவர் என்ன டைப் செய்கிறார் என்று போடியில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. அங்கேதான் ஆட்டோ உதவும். விற்பதற்கு என்பதைவிட, சொல் பொறுக்குவதற்கு.

ஆகவே என் தேர்வு: ஆட்டோவை 2, 3 ரூபாயில் ஓடவிட்டு, வாடிக்கையாளர்கள் தேடிய சொற்களைக் காட்டும் சர்ச் டெர்ம் ரிப்போர்ட்டில் விற்பனை தந்த சொல்லை எடுத்து எக்ஸாக்ட்டில் 4 ரூபாய்க்கு வைப்பது. அதே சொல்லுக்கு ஆட்டோ விளம்பரம் வராதபடி நெகட்டிவ் எக்ஸாக்ட்டாகப் போட்டுவிட்டால், எந்தச் செலவு எதற்கு என்று குழம்பாது.

பலரும் அவசரப்படுவது விற்காத சொல்லை வெட்டுவதில். `powder` போல வேறு பொருளென்று பார்த்ததுமே தெரிந்தால் உடனே நெகட்டிவ் போடலாம். பொருத்தமான சொல்லுக்குப் பொறுமை வேண்டும். இருபதுக்கு ஒருவர் வாங்கும் சொல்லில்கூட, இருபது கிளிக் வந்தும் ஒன்றும் விற்காமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. அறுபது கிளிக்கிலும் விற்காவிட்டால்தான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதற்குள் 240 ரூபாய் வரை போயிருக்கும். அப்புறம், கிளிக் செய்து ஏழு நாளுக்குள் நடக்கும் விற்பனையும் அந்த விளம்பரக் கணக்கில் சேரும் என்பதால், கடைசி வார எண்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் சரக்கு விலை ஏறி, நீங்கள் 400-ஐ மாற்றாமல் இருந்தால், அந்த 80 ரூபாய் 50 ஆகும். அன்றே பிட்டும் 2.50-க்கு இறங்க வேண்டும்.