நாலு மணி நேரத்துக்குள் அடங்கும் வேலைப் பட்டியல்: இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாகத் தினமும் காலையில் ஒரே முறையில் வேலைப் பட்டியல் எழுதி வருகிறேன். இதற்குத் தேவைப்படுவது ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் மட்டும்தான். இதுவரை பட்டியலே எழுதிப் பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

பொதுவாகப் பட்டியல் எழுத உட்கார்ந்தால் முதலில் வேலைகளைத்தான் எழுதுவோம். இந்த முறையில் நேரத்தை முதலில் எழுத வேண்டும். உங்கள் கையில் இன்றைக்கு உண்மையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வேலையின் பெயரே நோட்டில் ஏற வேண்டும்.

எங்கள் அலுவலக நேரம் காலை 9.30 முதல் மாலை 6 வரை. எட்டரை மணி நேரம், அதாவது 510 நிமிடம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம், இரண்டு டீக்கும் சேர்த்து 30 நிமிடம் போனால் மிச்சம் 435. காலையில் வந்ததும் மெயில் பார்த்து, முந்தின நாள் பேங்க் வரவு செலவைச் சரிபார்க்க 45 நிமிடம் ஆகும். மாலையில் கேஷ் முடித்து, ஃபைல்களை எடுத்து வைத்து, மறுநாளைக்குக் குறிப்பு எழுத அரை மணி நேரம். இப்போது 360 நிமிடம் இருக்கிறது. அடுத்து வருவதைத்தான் பெரும்பாலானவர்கள் கழிப்பதே இல்லை. ஃபோன், செக் வாங்க வருகிறவர்கள், "ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்று முதலாளி கூப்பிடுவது, ஸ்டோரிலிருந்து பில் கேட்டு வருவது. எங்கள் அலுவலகத்தில் இதற்கெல்லாம் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு மணி நேரம் போகிறது. அதையும் கழித்தால் நிற்பது 240 நிமிடம். எட்டரை மணி நேர வேலை நாளில் நாமாகத் திட்டமிட முடிந்தது நாலு மணி நேரம்தான்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை ஊகத்தில் போடாதீர்கள். பட்டியல் எழுதத் தொடங்கும் முன் ஒரு வாரத்துக்கு, யாராவது குறுக்கே வரும்போதெல்லாம் ஒரு தாளில் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மட்டும் குறித்து வையுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், குறித்தால் போதும். வார முடிவில் கூட்டிப் பார்த்தால் உங்கள் எண் கிடைத்துவிடும்.

அந்த நாலு மணி நேரத்திலும் முழுசாக வேலை நிரப்பக் கூடாது. ஒரு மணி நேரத்தைக் காலியாக விட்டு, 180 நிமிடத்துக்கு மட்டும் எழுதுகிறேன். வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாம் சொல்வது பெரும்பாலும் குறைவாகவே வரும் என்பதால்தான் இந்த இடைவெளி. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது சுமார் 55 நாள். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான்.

இதை ஒரு நாளை வைத்தே காட்டுகிறேன். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி, பி.காம் முடித்து நேராக வேலைக்கு வந்தவள். மாதம் 18ஆம் தேதி காலையில் தன் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினாள். 3பி, பேங்க், பார்ட்டிக்கு ஃபோன், அவுட்ஸ்டாண்டிங், லாரி பில், ஃபைலிங், பழைய வவுச்சர் என்று பக்கம் நிறைய இருந்தது. "அக்கா, இதெல்லாம் இன்னைக்கே முடிச்சிடணும்" என்றாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நிமிடம் ஆகும் என்று அவளையே எழுதச் சொன்னேன். கூட்டினால் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டியது. கையில் இருப்பதோ மூன்று மணி நேரம்.

அடுத்து, '3பி' என்ற வரியைப் பிரித்தோம். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. ஆனால் '3பி' என்பது ஒரே வேலை இல்லை. சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும், 14ஆம் தேதி வெளியாகும் 2பி அறிக்கையை இறக்கி, டேலியில் உள்ள கொள்முதல் பதிவோடு ஒப்பிட வேண்டும். சப்ளையர் தன் ரிட்டர்னில் நம் பில்லை ஏற்றாவிட்டால் அது 2பியில் வராது, அந்தப் பில்லுக்கான ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டியதிலிருந்து கழித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் விடுபட்ட பில்களுக்கு ஃபோன் போட வேண்டும். பிறகு கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிட்டு ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும். அவர் சரி சொன்ன பிறகு பணம் கட்டித் தாக்கல் செய்ய வேண்டும். இதில் முதல் இரண்டுதான் 18ஆம் தேதிக்கு உரியவை. மற்றவை 19க்குப் போயின.

மிச்ச வேலைகளைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டேன்: "இது இன்னைக்கு நடக்கலைன்னா நாளைக்கு யாராவது நிற்பாங்களா?" ஃபைலிங்குக்காக யாரும் நிற்கப்போவதில்லை, பழைய வவுச்சருக்கும் இல்லை. முதலாளி மறுநாள் வசூலுக்குப் போவதால், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்ற அவுட்ஸ்டாண்டிங் பட்டியல் இல்லாமல் நிற்பார். லாரிக்காரரும் பணத்துக்கு வருவார். கடைசியில் நோட்டில் ஏறியது இவ்வளவுதான்:

2பி ஒப்பிடுதல் – 90
விடுபட்ட பில்லுக்கு ஐந்து பேருக்கு ஃபோன் – 40
அவுட்ஸ்டாண்டிங் பட்டியல் எடுத்து முதலாளியிடம் தருவது – 30
லாரி பில் இரண்டு பதிவு – 20

மொத்தம் 180. வரி ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்று தெரியும்படி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 'அவுட்ஸ்டாண்டிங்' என்று மட்டும் இருந்தால் எப்போது டிக் அடிப்பது என்றே தெரியாது. 'முதலாளியிடம் தருவது' என்றால் தெரியும்.

90 நிமிட வேலையை ஒரே மூச்சில் முடிக்க எங்கள் அலுவலகத்தில் யாரும் விடமாட்டார்கள். அதனால் 2பி ஒப்பிடுவதைப் பார்ட்டி பெயரின் அகரவரிசைப்படி இரண்டாகப் பிரித்தோம். நடுவில் யாராவது கூப்பிட்டால், எந்தப் பார்ட்டி வரை முடிந்தது என்று பென்சிலில் பெயர் எழுதிவிட்டு எழ வேண்டும். திரும்பி வந்து 'எங்கே விட்டோம்' என்று தேடும் நேரம் இதில் மிச்சமாகிறது. பெரிய வேலை எதுவானாலும், நிறுத்தினால் பாதகமில்லாத இடம் எது என்று முன்பே பார்த்து வையுங்கள். எனக்கு இந்த முறையில் அதிகம் உதவியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அன்றைக்கு நடந்தது என்ன? 2பிக்கு 110 நிமிடம் ஆனது. இரண்டு பேர் ஃபோனை எடுக்காமல் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது, ஒருவர் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார், அதனால் ஃபோனுக்கு 55. அவுட்ஸ்டாண்டிங் 25, லாரி பில் 20. மொத்தம் 210. நடுவில் எதிர்பாராமல் சரக்கு அனுப்ப ஒரு இ-வே பில் போட 15 நிமிடம். காலியாக விட்ட ஒரு மணி நேரத்தில் 45 நிமிடம் இப்படிப் போனது. பட்டியல் முழுசாக முடிந்தது, ஆறு மணிக்குக் கிளம்பினாள்.

இப்படி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'நினைத்தது', 'ஆனது' என்று இரண்டு எண் எழுதிவந்தால், சில வாரங்களில் உங்கள் ஊகம் எந்த வகை வேலையில் தவறுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு டேலியில் பதிவு போடும் வேலை ஏறக்குறைய நினைத்த நேரத்தில் முடிகிறது. இன்னொருவரின் பதிலை வைத்து நடக்கும் வேலை ஒன்றரை மடங்கு இழுக்கிறது. ஆகவே ஃபோன் வேலை எதுவானாலும் இப்போது மனதில் தோன்றும் எண்ணோடு பாதியைச் சேர்த்தே எழுதுகிறேன். எல்லா வேலைக்கும் கூட்டத் தேவையில்லை.

அப்புறம், தேங்கும் வரிகள். முடியாததை மறுநாள் பக்கத்துக்கு மாற்றும்போது பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். மூன்று புள்ளி சேர்ந்த வரியை அப்படியே நான்காம் நாளுக்குத் தூக்கக் கூடாது. அதைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு ஒருவரின் பதிலுக்காகக் காத்திருப்பதாகத்தான் இருக்கும். 'ஆடிட்டர் விளக்கம்' என்று தினமும் எழுதினால் அது நம் வேலையே இல்லை, அவருடைய வேலை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படிப்பட்டவற்றுக்குத் தனி இடம் வைத்திருக்கிறேன். யாரிடம் கேட்டது, எந்தத் தேதியில் கேட்டது, திரும்ப எப்போது கேட்க வேண்டும். அந்தத் தேதி வரும்போது 'ஆடிட்டருக்கு ஃபோன் – 10' என்று பட்டியலில் ஏறும். காத்திருப்பும் இல்லாமல், பெரிய வேலையாகவும் இல்லாமல் மூன்று புள்ளி வாங்கிய வரியை, எங்கள் பழைய வவுச்சர் மாதிரி, அடித்துவிட்டு மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமைக்கு மொத்தமாக வைத்துவிடலாம்.

முன் அட்டைக்குள் மாதத் தேதிகள் ஒட்டியிருக்கின்றன: 7 டிடிஎஸ் கட்ட, 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 3பி. ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு வேலை நாள் முன்னாலாவது அதன் முதல் துண்டு பட்டியலில் வந்துவிட வேண்டும்.

முதலாளி பதினொரு மணிக்குப் புது வேலை கொடுத்தால் என்ன செய்வது என்று அந்தத் தங்கை கேட்டாள். சின்ன வேலை என்றால் காலி நேரத்தில் போகும். ஒரு மணி நேர வேலை என்றால் நோட்டையே எடுத்துக்கொண்டு போய், "சார், இன்னைக்கு இது நாலும் இருக்கு. எதை நாளைக்கு வைக்கட்டும்?" என்று கேட்கிறேன். நிமிடம் எழுதியிருப்பதால் அவருக்கும் முடிவு சொல்ல எளிதாக இருக்கிறது. பல சமயம் "அப்ப இதை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று புது வேலையையே தள்ளி வைக்கிறார்.

இந்த முறை எடுபடாத நாட்களும் உண்டு. ஸ்டாக் எடுக்கும் நாள், ஆடிட்டர் வந்து உட்காரும் நாள், ஆள் இல்லாமல் கவுன்டரையும் பார்க்க வேண்டிய நாள். அன்றைக்கு 240 என்ற கணக்கே செல்லாது. அப்படிப்பட்ட நாளில் ஒரே ஒரு வரி, 30 நிமிடத்துக்கு மேல் போகாதது, எழுதுகிறேன். வேலை முழுவதும் பிறர் கேட்பதைச் செய்து தருவதாகவே இருப்பவர்களுக்கு, ரிசப்ஷனில் இருப்பவர்களுக்கு என்று வையுங்கள், தினமுமே இப்படித்தான் இருக்கும். அவர்களும் ஒரு வரியோடு தொடங்கலாம்.

ஃபோன் ஆப்பில் எழுதலாமா என்றால் எழுதலாம், குறிப்பிட்ட நேரத்தில் மணியடிக்க அது நல்லது. ஆனால் ஆப்பில் வரிகள் எவ்வளவு வேண்டுமானாலும் நீளும், நிமிடத்தைக் கூட்டிக் காட்டும் வசதி பெரும்பாலானவற்றில் இல்லை. நான் தேதி நினைவூட்டலை மட்டும் ஃபோனில் வைத்து, அன்றைய பட்டியலை நோட்டில் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்குகிறேன். வரி அதற்குள் அடங்கவில்லை என்றால், அதைக் கூட்டிப் பார்க்கும் முன்பே 180ஐத் தாண்டிவிட்டது என்று தெரிந்துவிடுகிறது.