அறைவாரியா, பரப்புவாரியா, பாட்டில்வாரியா? புதிதாக வேலைக்கு வருபவருக்கு எழுதித் தரும் துப்புரவுப் பட்டியல்

வீட்டு வேலைக்குப் புதிதாக ஒருவர் வரும்போது, எந்த இடத்தை எதைக் கொண்டு துடைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம். வாயால் சொன்னது இரண்டாம் நாளே மறந்துவிடும். பிறகு கல் வெளுத்துப் போனால் பழி வந்தவர் தலையில் விழும். ஆனால் அந்தப் பட்டியலை மூன்று விதமாக எழுதலாம்: அறைவாரியாக, தரை, மேடை, குழாய் என்று பரப்புவாரியாக, அல்லது பாட்டில்வாரியாக. மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்று தோன்றும். வீட்டில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேற்கு மாம்பலத்தில் என் அத்தை குடியிருக்கும் பழைய அடுக்ககம் அது. கூடத்தில் பின்னாளில் போட்ட விட்ரிஃபைட் டைல்ஸ், படுக்கையறைகளில் பழைய மொசைக். சமையல் மேடை கறுப்பு கிரானைட், அதன் கீழே பாத்திரம் அடுக்கும் தட்டுகள் கடப்பா கல். பூஜை மாடமும் குளியலறை வாசற்படியும் வெள்ளைப் பளிங்கு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்பதால் குழாய்களிலும் சுவர் டைல்ஸிலும் வெள்ளையாக உப்புப் படியும். சென்னையில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம்.

அறைவாரிப் பட்டியலில் ஒரு வசதி உண்டு. வேலை நடக்கும் வரிசையிலேயே அது போகும். கூடம், படுக்கையறை, சமையலறை, கடைசியில் குளியலறை. எந்தத் துணி எந்த அறைக்கு, எதை முதலில் துடைப்பது என்பதற்கெல்லாம் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் குளியலறைக்கு வந்ததும் அது தடுமாறிவிடுகிறது. "குளியலறை: டாய்லெட் கிளீனர்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்த ஆறுக்கு ஐந்து அடிக்குள் இருக்கும் பீங்கான் கோப்பை, சுவர் டைல்ஸ், டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட், குரோம் பூச்சுக் குழாய், பளிங்கு வாசற்படி எல்லாவற்றுக்கும் அதுதான் என்றே எவரும் புரிந்துகொள்வார். நம் கடைகளில் நீல நிறத்தில் விற்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பீங்கான் கோப்பைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டைல்ஸின் மேற்பரப்பும் தாங்கிவிடும். ஆனால் இடுக்குச் சிமென்ட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைந்து பள்ளமாகும், குழாயின் பளபளப்பு மங்கிப் பூச்சு உரியத் தொடங்கும். பளிங்குக்கு நேர்வதுதான் மிக மோசம்.

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் கரைந்து நுரைக்கும். திரவத்தை ஊற்றக்கூட வேண்டியதில்லை. பாட்டிலின் வெளிப்பக்கத்தில் வழிந்த ஒரு துளி போதும். அந்த பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே கோப்பையைத் தேய்த்துவிட்டு வந்தால், எடுத்த இடத்தில் அடிப்பாகத்தின் அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். பலரும் அதைக் கறை என்று நினைத்து மேலும் மேலும் தேய்ப்பார்கள். அது கறையே இல்லை, மெருகு கரைந்துபோன இடம். விரல் நுனியால் தடவினால் மற்ற இடம் வழுவழுப்பாகவும் அந்த வட்டம் மட்டும் சொரசொரப்பாகவும் இருக்கும். எந்தத் திரவத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கல் மெருகேற்றுபவரை அழைக்க வேண்டியதுதான்.

அப்படியானால் பரப்புவாரியாக எழுதலாமே என்று தோன்றும். பளிங்குக்கு இது, கிரானைட்டுக்கு இது, டைல்ஸுக்கு இது. அறிவியல்படி இதுதான் மிகச் சரியான பட்டியல். வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் எழுதுவதும் இதைத்தான். இதில் நான் காணும் குறை ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரியது: எது என்ன கல் என்பது படிப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மெருகேற்றிய கடப்பாவும் கறுப்பு கிரானைட்டும் மங்கலான வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பளிங்குக் கோடுகள் அச்சிட்ட டைல்ஸும் உண்மையான பளிங்கும் அப்படியே. வந்து இரண்டு நாளான ஒருவரிடம் "பளிங்கில் இதைப் போடாதே" என்று எழுதிக் கொடுப்பது, வீட்டுக்காரருக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதாகும்.

வீட்டுக்காரர் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கண்ணில் படாத ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்வாகப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அது சுண்ணாம்புக் கல் இனம். பளிங்கும் கடப்பாவும் அந்த இனம்தான். மொசைக்கும் அதே கணக்கு, ஏனென்றால் அதிலுள்ள சில்லுகள் பெரும்பாலும் பளிங்கு, அவற்றைப் பிடித்து வைத்திருப்பது சிமென்ட். கிரானைட்டும் டைல்ஸும் மங்காது. அத்தையின் வீட்டில் இப்படிச் சோதித்தபோது, கிரானைட் என்று எல்லோரும் நம்பியிருந்த பால்கனித் திண்டு கடப்பா என்று தெரிந்தது. ஆகவே பரப்புவாரிப் பட்டியல் வீண் இல்லை. அதை வீட்டுக்காரர் தமக்காக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், கடையில் பாட்டில் வாங்கும்போது பார்ப்பதற்கு.

வேலை செய்பவருக்குத் தர வேண்டியது பாட்டில்வாரிப் பட்டியல் என்பது என் உறுதியான கருத்து. தவறு நேர்வது கையில் பாட்டில் இருக்கும் அந்தக் கணத்தில்தான். அப்போது சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. பாட்டிலின் கழுத்திலேயே சீட்டு இருந்தால் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தச் சீட்டில் கல்லின் பெயர் தேவையில்லை, இடத்தைச் சொன்னால் போதும். "பூஜை மாடம்" என்றால் யாருக்கும் ஐயம் வராது.

இன்னொரு நன்மையும் உண்டு. பாட்டில்வாரியாக எழுத உட்கார்ந்தால்தான் எத்தனை பாட்டில்கள் தேவையற்றவை என்பது விளங்கும். அத்தையின் அலமாரியில் கறுப்பு பினாயில், வெள்ளை பினாயில், இரண்டு வகைத் தரைத் திரவம், கண்ணாடித் திரவம், பிளீச்சிங் பவுடர், தெருவில் வருபவரிடம் வாங்கிய லேபிள் இல்லாத ஆசிட் என்று வரிசையாக நின்றன. எழுதி முடித்தபோது வேலைக்கு என்று மிஞ்சியவை மூன்று பாட்டிலும் ஒரு துணியும். சீட்டுகள் இப்படி அமைந்தன:

சிவப்புச் சீட்டு, டாய்லெட் கிளீனர்: கழிப்பறைக் கோப்பையின் உள்ளே மட்டும். ஊற்றிவிட்டு 20 நிமிடம் கழித்துத் தேய்த்துத் தண்ணீர் விடவும். பாட்டிலைப் பிளாஸ்டிக் தட்டில்தான் வைக்க வேண்டும், தரையில் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளவும். வேறு எதனோடும் சேர்க்கக் கூடாது.

பச்சைச் சீட்டு, பாத்திரம் கழுவும் திரவம்: சமையல் மேடை, அடுப்பு, சிங்க், கடப்பாத் தட்டு, பால்கனித் திண்டு, பூஜை மாடம், குளியலறைச் சுவர், குழாய், வாசற்படி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணி, அதன்பின் உலர்ந்த துணி.

மஞ்சள் சீட்டு, தரைத் திரவம்: எல்லா அறைத் தரைக்கும். அரை வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. மேடைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் கூடாது.

நீலத் துணி: டிவி, மரக்கதவு, சுவிட்ச், கண்ணாடி. டிவிக்கும் சுவிட்சுக்கும் உலர்ந்த துணி மட்டும். மற்றவற்றுக்குப் பிழிந்த ஈரத்துணி. எந்தத் திரவமும் வேண்டாம்.

நிறம் வைத்தது அழகுக்காக அல்ல. வேலைக்கு வருபவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாமல் இருக்கலாம், வேறு மாநிலத்தவராகவும் இருக்கலாம். அப்போது பூஜை மாடத்தின் ஓரத்திலும் குழாய்க்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பச்சைப் பொட்டு ஒட்டினால் போதும், நிறத்துக்கு நிறம் பார்த்துக்கொள்வார்கள். மஞ்சளுக்கு வாங்கும் திரவம் பளிங்குக்கு ஏற்றது என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும், படுக்கையறையில் மொசைக் இருப்பதால். மூடிக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. திரவம் அதிகமானால் தரை சுத்தமாகாது, பிசுபிசுத்து மேலும் அழுக்கைப் பிடிக்கும். வெறுங்காலில் நடந்தால் ஒட்டுவது தெரியும்.

பாட்டில்வாரிப் பட்டியல் பதில் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே அதைக் கேட்டார்: "அம்மா, இந்த உப்புக் கறைக்கு எதை ஊற்றட்டும்?" வேலை செய்பவர் கண்ணுக்கு முதலில் படுவது கல்லோ பாட்டிலோ இல்லை, கறைதான். குழாயில் படிந்திருப்பதும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். குழாய் என்றால் பாதி எலுமிச்சையைத் தேய்த்து, ஐந்து நிமிடத்தில் நன்றாகக் கழுவித் துடைத்துவிடலாம். சாறு கீழே கல்லில் சொட்டாமல் ஒரு துணியை விரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே உப்பு பளிங்கு வாசற்படியில் படிந்திருந்தால் வழியே இல்லை. கறையும் கல்லும் ஒரே பொருள் என்பதால், ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைக்கும். அங்கே செய்யக்கூடியது, குளித்தபின் ஈரத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து உப்பு படியாமல் தடுப்பது மட்டுமே. அது குளித்தவர் வேலை, துடைக்க வருபவர் வேலை அல்ல. இதையும் பட்டியலிலேயே எழுதினோம், வீட்டாருக்கான வரி என்று.

பிளீச்சிங் பவுடரை வேலைக்கான தட்டிலிருந்து எடுத்து அத்தை தனியே பூட்டி வைத்துவிட்டார். அது டாய்லெட் கிளீனரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கோப்பை நன்றாக வெளுக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. கண் எரிந்து, தொண்டை கமறி, இருமல் வந்தால் அங்கேயே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வெளியே வந்து நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குத்தான். சிவப்புச் சீட்டின் பின்புறத்தில் இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். முதல் நாள் வாயாலும் சொன்னோம்.

லேபிள் இல்லாத ஆசிட் பாட்டிலுக்குச் சீட்டே எழுதவில்லை. உள்ளே என்ன, எவ்வளவு செறிவு என்று தெரியாத ஒன்றுக்கு எதை எழுதுவது? இப்போது அந்த வீட்டில் வழக்கம் இதுதான்: சீட்டு இல்லாத பாட்டிலை வேலை செய்பவர் தொட வேண்டியதில்லை. அத்தை கடையில் வேறு தயாரிப்பை வாங்கிவந்தால், பழைய சீட்டைக் கழற்றி அப்படியே மாட்டாமல், லேபிளைப் படித்துப் புதுச் சீட்டு எழுதிக் கட்டிய பிறகே அதைத் தட்டில் வைக்கிறார்.